புட்டியின் முகவரி

நுழையும்முன்

விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் நீரைப் போல் கண்ணால் மதிப்பிட இயலாதது வேறில்லை. நிறம், மணம், சுவை ஆகிய மூன்றும் இல்லாததே நன்னீர் எனில், ஒரு புட்டி நீருக்கும் மற்றொரு புட்டி நீருக்கும் உள்ள வேறுபாட்டை எதைக்கொண்டு அறிவது? புட்டியின் மேல் ஒட்டப்பட்டுள்ள சிறு தாளே அதற்குரிய சான்று. அத்தாளில் உள்ளதைப் படிக்கவும் இல்லாததைக் கண்டறியவும் இவ்வுரை துணைசெய்கிறது.

கரிசலும் கேனும்

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் அமைந்துள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரைச் சூழ்ந்து கோவில்பட்டி வரை விரியும் நிலம் கரிசல். மானாவாரிப் பயிர்களுக்கு ஏற்ற இந்தக் கருமண், பெய்த மழையைத் தன்னகத்தே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆழத்திற்கு எளிதில் விடாது. இப்பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அந்நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படியும். கோவில்பட்டி நகரம் தொலைவில் உள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே தாமிரபரணி நீரைப் பெற்று வருவது இதனால்தான்.

குழாய்நீர் வராத நாள்களில் தையற்கூடத்திற்கும் தேநீர்க் கடைக்கும் வீட்டிற்கும் 20 லிட்டர் கேன் வந்து சேர்கிறது. பயணத்தில் ஒரு லிட்டர் புட்டி கைக்கு வருகிறது. நிலத்தடியில் உவர்நீர் இருக்கும் வட்டாரத்தில், கேனுக்குள் இருக்கும் நன்னீர் எங்கிருந்து வந்தது, என்னென்ன மாற்றங்களுக்கு உள்ளாகி வந்தது என்ற வினா இயல்பாகவே எழ வேண்டும். விடையைப் பெயர்ச்சீட்டில் மூன்று இடங்களில் தேடலாம். அவை தரக்குறி, நீர்மூலம், கனிம அளவு என்பன.

முதலில் பெயரைப் படிக்க வேண்டும்

பெயர்ச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதனினும் முதன்மையானது, சிறிய எழுத்தில் இருக்கும் பொருளின் பெயர். இந்தியாவில் இது இருவகைப்படும். ஒன்று, அடைக்கப்பட்ட குடிநீர். மற்றொன்று, அடைக்கப்பட்ட இயற்கைக் கனிம நீர். மக்கள் வழக்கில் இரண்டையும் 'மினரல் வாட்டர்' என்றே அழைக்கின்றனர். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

அடைக்கப்பட்ட குடிநீர் எந்த நீர்மூலத்திலிருந்தும் எடுக்கப்படலாம். ஆழ்துளைக் கிணறாக இருக்கலாம், குழாய்நீராகவும் இருக்கலாம். வடிகட்டுதல், எதிர் சவ்வூடுபரவல், ஓசோன் ஏற்றுதல், புறஊதாக் கதிர் பாய்ச்சுதல் ஆகியவற்றால் அது தூய்மையாக்கப்படுகிறது; தேவையெனில் கனிமமும் சேர்க்கப்படுகிறது. இதற்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 14543.

இயற்கைக் கனிம நீரோ, குறிப்பிட்ட ஓர் ஊற்றிலிருந்தோ நிலத்தடி நீர்மூலத்திலிருந்தோ எடுக்கப்பட்டு, அதன் இயல்பான கனிம அமைப்பு மாறாமல் அம்மூலத்திற்கு அருகிலேயே அடைக்கப்பட வேண்டும். அதன் தர எண் ஐ.எஸ். 13428. ஒரு கேனின் மீது மலையும் அருவியும் வரையப்பட்டிருக்கலாம். எனினும் அதில் 14543 என்ற எண் இருந்தால், அது ஆலையில் உருவாக்கப்பட்ட நீர் என்றே கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்வது அதனைத் தாழ்த்துவதன்று. இன்னது என்று அறிந்து வாங்குவதே ஆகும்.

தரக்குறியின் மூன்று பகுதிகள்

ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கண்டவுடன் மனம் நிறைவடைவது பலரின் வழக்கம். அம்முத்திரை முழுமையானதாக இருக்க, அதில் மூன்று பகுதிகள் அமைந்திருக்க வேண்டும். நடுவில் முத்திரை வடிவம்; அதன் மேலே தர எண்; கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். வடிவத்தை எந்த அச்சகத்திலும் அச்சிட்டுவிடலாம். உரிம எண்ணை மட்டும் சரிபார்க்க முடியும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அவ்வெண்ணை உள்ளிட்டால், உரிமம் பெற்றவர் யார், ஆலை எங்குள்ளது, உரிமம் நடப்பில் உள்ளதா என்பன தெரியவரும்.

இங்கு நுட்பமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் வணிகப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட முகவரியில் இயங்கும் ஆலைக்கே வழங்கப்படுகிறது. நாடு முழுவதும் விற்கப்படும் ஒரே பெயருடைய நீர், பல ஊர்களின் ஆலைகளில் அடைக்கப்படும். தூத்துக்குடியில் வாங்கிய புட்டியிலும் சென்னையில் வாங்கிய புட்டியிலும் வணிகப் பெயர் ஒன்றாக இருக்க, உரிம எண் வேறாக இருக்கக்கூடும். ஆகவே 'இந்தப் பெயர் நல்ல பெயர்' என்ற முடிவைவிட, 'இந்த ஆலையின் நீர் இன்னது' என்ற முடிவே பொருத்தமானது. செயலி காட்டும் முகவரியும் பெயர்ச்சீட்டில் உள்ள தயாரிப்பாளர் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். 'தயாரிப்பவர்' என்ற இடம் வெற்றாக இருந்து, 'விற்பனை செய்பவர்' என்ற முகவரி மட்டும் காணப்பட்டால், நீர் அடைக்கப்பட்ட இடம் மறைக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

தெரிந்து தெளிவோம்

அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 மார்ச் 29 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் இக்கட்டாய விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இந்நீரை அதிக இடருள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என அறிவித்தது. எனவே முத்திரை இல்லாமை மட்டுமே குற்றத்திற்குச் சான்றாகாது. முத்திரை இருந்து எண் பொய்யாயின் அது ஏமாற்று.

மற்றொரு குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண். இதன் முதல் இலக்கம் 1 எனில் உரிமம். 2 எனில் சிறுதொழிலுக்கான பதிவு. அடுத்த இரு இலக்கங்கள் மாநிலத்தையோ நடுவண் உரிமத்தையோ குறிக்கும். அவற்றை அடுத்த இரண்டும் ஆண்டைக் குறிக்கும். இவ்வெண் உணவுத் தொழில் நடத்த இசைவு பெற்றதை உணர்த்துகிறது. அந்தக் கேனில் உள்ள நீர் அன்று சோதிக்கப்பட்டது என்று அது சொல்வதில்லை. உரிமத்தையும் தரச் சான்றையும் ஒன்றெனக் கருதுதல் பரவலாகக் காணப்படும் பிழை.

மூலம் எது?

நீர்மூலம் பற்றிய சொற்கள் கவர்ச்சி மிக்கவை. 'ஊற்று', 'மலை', 'இயற்கை' முதலியன அச்சொற்கள். அடைக்கப்பட்ட குடிநீரின் வணிகப் பெயரில் ஓர் ஊரின் பெயர் இடம்பெற வேண்டுமாயின், நீர் அவ்வூரிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது தர விதி. நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்ற கூற்றுகளுக்கும் இடமில்லை. ஆகவே பெயரில் இருக்கும் இடத்தையும் தயாரிப்பாளர் முகவரியில் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டாலே பல ஐயங்கள் தெளியும்.

குழாய்நீரை மூலமாகக் கொள்வது இழிவன்று. அதனைச் சொல்லாமல் விடுவதே குறை. அமெரிக்காவில் விற்கப்பட்ட அக்வாஃபினா புட்டிகளில், நீர் பொது விநியோகத்திலிருந்து பெறப்பட்டது என்பதைத் தெளிவாக அச்சிடுவதாக அதன் நிறுவனமான பெப்சிகோ 2007-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதுவரை மலைச்சிகரம் வரைந்த பெயர்ச்சீட்டைக் கண்டு ஊற்றுநீர் என எண்ணியோர் பலர்.

இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்த பாடம். கோகோ கோலா நிறுவனம் தசானி என்ற பெயரில் அந்நாட்டில் நீரை விற்கத் தொடங்கியது. அது கென்ட் பகுதியின் சிட்கப் என்னும் இடத்தில் உள்ள ஆலையில், ஊர்க் குழாய்நீரைத் தூய்மையாக்கி அடைத்த நீர் என்ற செய்தி வெளிவந்தது. மக்கள் நகைத்தனர். உண்மையான இடர் வேறிடத்தில் இருந்தது. தூய்மையாக்கலில் கனிமங்களை இழந்த நீருடன் கால்சியம் குளோரைடு சேர்க்கப்பட்டது. அவ்வுப்பில் சிறிதளவு புரோமைடு கலந்திருந்தது. கிருமிகளைக் கொல்ல ஓசோனைச் செலுத்தியபோது, புரோமைடு ஓசோனுடன் வினைபுரிந்து புரோமேட்டாக மாறியது. புரோமேட் புற்றுநோய் இடர் உடையதாகக் கருதப்படும் பொருள். அந்நாட்டின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பு மீறப்பட்டதால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் புட்டிகள் மார்ச் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டிலேயே அந்நீர் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலகியது.

இந்நிகழ்வில் மூலநீர் குற்றமற்றது. தூய்மைப்படுத்தும் கருவியும் பழுதற்றது. நன்மைக்காகச் சேர்த்த கனிமமும் காப்புக்காகச் செலுத்திய ஓசோனும் சேர்ந்தே தீங்கை உண்டாக்கின. 'ஓசோன் ஏற்றப்பட்டது', 'கனிமம் சேர்க்கப்பட்டது' என்னும் சொற்கள் செய்முறையைக் கூறுவனவேயன்றி, நீரின் தரத்திற்கு உறுதியளிப்பன அல்ல.

இந்தியாவிலும் இதையொத்த விழிப்பு நேர்ந்தது. 2003-ஆம் ஆண்டு தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தில்லி, மும்பைச் சந்தைகளில் வாங்கிய புட்டிநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை வெளியிட்டது. நிலத்தடி நீரே பல ஆலைகளுக்கு மூலமாக இருந்ததும், வேளாண் மருந்துகள் அந்நீரை அடைந்ததும் காரணங்கள். அதன் பின்னர் ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டரில் 0.0001 மி.கி., அனைத்தும் சேர்ந்து 0.0005 மி.கி. என்ற கடும் வரம்புகள் விதிக்கப்பட்டன. இந்த எண்கள் பெயர்ச்சீட்டில் அச்சாவதில்லை. அவை பின்பற்றப்படுகின்றன என்பதற்கு வாங்குவோரிடம் இருக்கும் சான்று, சரிபார்க்கத்தக்க உரிம எண் ஒன்றே.

கனிமக் கணக்கு

கேன் நீரைப் பற்றிய பேச்சில் அடிக்கடி கேட்கும் சொல் டி.டி.எஸ். நீரில் கரைந்துள்ள திண்மங்களின் மொத்த அளவே அது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கப்படும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், இவ்வளவு 500-க்குள் இருப்பதை ஏற்கிறது. வேறு நீர்மூலம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. கரிசல் நிலத்துக் கிணறுகள் பல இந்த இரு எல்லைகளுக்கு இடையிலோ அவற்றுக்கு மேலோ நிற்பதால், இவ்வட்டாரத்தில் எதிர் சவ்வூடுபரவல் கருவி இன்றியமையாததாயிற்று.

விற்போர் சிலர் கைக்கருவி ஒன்றைக் கேன் நீரில் நனைத்து, '30 தான் காட்டுகிறது. அவ்வளவு தூய்மை' என்பர். இக்கூற்றை ஆராய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையின் கிணற்று நீரில் டி.டி.எஸ். 1800 எனக் கொள்வோம். சவ்வு 98 விழுக்காட்டு உப்புகளைத் தடுத்தால், வெளிவரும் நீரில் எஞ்சுவது 36. இந்நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு, சுவையும் சப்பென்றிருக்கும். அடைக்கப்பட்ட குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 20 மி.கி. கால்சியமும் 10 மி.கி. மக்னீசியமும் இருக்க வேண்டும் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. எனவே ஆலை இவ்விரண்டையும் உப்பு வடிவில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

இப்போது கேனின் பெயர்ச்சீட்டில் 'கால்சியம் 20, மக்னீசியம் 10' என்று அச்சிடப்பட்டிருப்பதாகவும், கைக்கருவி 36 என்று காட்டுவதாகவும் கொள்வோம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? முடியாது. கால்சியமும் மக்னீசியமும் நீரில் தனித்து நிற்பதில்லை. அவை நேர்மின்னேற்றம் உடையவை. அவற்றைச் சமன்செய்ய எதிர்மின்னேற்றம் உடைய குளோரைடோ பைகார்பனேட்டோ சல்பேட்டோ உடன் இருந்தே ஆக வேண்டும். 20 மி.கி. கால்சியத்தைச் சமன்செய்ய ஏறத்தாழ 35 மி.கி. குளோரைடு தேவை. 10 மி.கி. மக்னீசியத்திற்கு ஏறத்தாழ 29 மி.கி. தேவை. ஆக, கனிமம் 30, உடன்வருவது 64, கூட்டினால் 94. குளோரைடுக்கு மாறாகப் பைகார்பனேட் உடன்வந்தாலும், நீரை வற்றவைத்து நிறுக்கும் முறையில் கூட்டுத்தொகை ஏறத்தாழ 85-க்குக் குறையாது. சவ்வைக் கடந்து முன்பே எஞ்சிய உப்புகள் இதற்கு மேல் தனி.

ஆகவே அச்சிட்ட கனிமம் உண்மையாயின், கருவி 85-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்டியிருக்க வேண்டும். 36 என்று காட்டுகிறது என்றால், கனிமம் சேர்க்கப்படவில்லை. பெயர்ச்சீட்டு மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. தூய்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட எண்ணே, பெயர்ச்சீட்டின் பொய்க்குச் சான்றாகிவிடுகிறது.

இக்கணக்கின் எல்லையையும் அறிதல் வேண்டும். கைக்கருவி உப்புகளை நிறுப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதனை ஒரு காரணியால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. பத்து, பதினைந்து அலகுகள் ஏறியிறங்கலாம். ஆகவே 80 என்றும் 95 என்றும் வேறுபடுவதைக் கொண்டு குற்றம் சாட்டலாகாது. 36 என்பதோ கருவிப் பிழைக்குள் அடங்காத தொலைவு. மேலும், கிருமிகள் இக்கருவிக்குத் தென்படா. பூச்சிக்கொல்லியின் நுண்ணளவும் தென்படாது. கரைந்திருப்பது கால்சியமா, நைட்ரேட்டா, புளூரைடா என்றும் அது பிரித்துச் சொல்லாது. 100 என்று காட்டும் நீர் தூயதாகவும் இருக்கலாம். கழுவாத கேனில் நிரப்பப்பட்டுக் கிருமி பெருகியதாகவும் இருக்கலாம்.

கனிமத்திற்காக மிகுவிலை தரலாமா?

கனிமம் மிகுந்த நீர் என்று கூறி உயர்ந்த விலைக்கு விற்கப்படும் புட்டிகள் உண்டு. இயற்கைக் கனிம நீரின் டி.டி.எஸ். 150 முதல் 700 வரை அமைய வேண்டும் என்பது தரம். அதன் சுவை வேறுபடும் என்பதில் ஐயமில்லை. ஊட்டத்தின் கணக்கோ வேறு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான கால்சியம் ஏறத்தாழ 1000 மி.கி. லிட்டருக்கு 20 மி.கி. உள்ள நீரை இரண்டு லிட்டர் பருகினால் கிடைப்பது 40 மி.கி.; அதாவது தேவையில் நூற்றுக்கு நான்கு பங்கு. 200 மில்லிலிட்டர் பாலில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைத்துவிடும். கேழ்வரகை உணவாகக் கொள்ளும் கரிசல் வீட்டிற்கு, கால்சியத்தின் பொருட்டுப் புட்டிநீரை நாட வேண்டிய தேவை இல்லை.

எனவே கனிம அளவைப் படிப்பதன் பயன், ஊட்டத்தை ஒப்பிடுவதைவிட உண்மையைச் சோதிப்பதிலேயே மிகுதி. எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காண்பதற்கே அவை உதவுகின்றன.

கேனுக்குரிய தனிக் கவனம்

சிறு புட்டி ஒருமுறை மட்டும் நிரப்பப்படுகிறது. 20 லிட்டர் கேன் பலமுறை ஆலைக்கும் வீட்டிற்குமாகச் சென்று வருகிறது. ஆகவே கேனின் உடலில் ஒட்டப்பட்ட பழைய சீட்டைவிட, மூடியின் மேல் உள்ள உறையும் அதில் அச்சிட்ட நாளும் தொகுதி எண்ணுமே நம்பத்தக்கவை. உடலில் ஓர் ஆலையின் பெயரும் மூடியில் வேறொரு பெயரும் இருந்தால், கேன் ஒருவருடையது, நீர் மற்றொருவருடையது. நாள் இல்லாத கேனில் பயன்பாட்டுக் காலத்தைக் கணக்கிட வழியில்லை. கேனின் அடியில் பச்சை படிந்திருத்தல், உள்ளே கீறல்கள் மிகுந்திருத்தல், வெயிலில் அடுக்கி வைத்திருத்தல் ஆகியவை, பெயர்ச்சீட்டு எவ்வளவு ஒழுங்காக இருப்பினும் அக்கேனை மறுப்பதற்குப் போதிய காரணங்கள்.

பெயர்ச்சீட்டை ஒழுங்குமுறையாகப் படிக்க இரண்டு மணித்துளிகள் போதும். பொருளின் பெயரையும் தர எண்ணையும் முதலில் பொருத்துக, உரிம எண்ணைச் செயலியில் இட்டு முகவரியை ஒப்பிடுக, மூலத்தைப் பற்றிய சொல்லை அம்முகவரியோடு வைத்துப் பார்க்க, கனிமத்தையும் டி.டி.எஸ். அளவையும் கூட்டிச் சரிபார்க்க. இறுதியில் மூடியையும் நாளையும் காண்க. இவற்றுள் ஒன்று பொருந்தவில்லையெனில், அக்கேனைத் திருப்பி அனுப்புவதும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிப்பதும் வாங்குவோரின் உரிமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விற்கப்படும் இரண்டு வெவ்வேறு பெயர்களையுடைய குடிநீர்ப் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைச் சேகரித்து, தர எண், உரிம எண், தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

2. ஒரு பெயர்ச்சீட்டில் கால்சியம் 25 மி.கி., மக்னீசியம் 12 மி.கி., டி.டி.எஸ். 60 மி.கி. என உள்ளது. இவ்வெண்கள் பொருந்துமா? பாடத்தில் கண்ட கணக்கின் துணையோடு விளக்குக.

3. 'உரிமம் பெற்ற ஆலையின் நீர் அனைத்தும் தரமானது' என்னும் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் வகுப்பறையில் உரையாடுக.